ஆஃபர் லெட்டரில் கையெழுத்து வந்ததும் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டாதீர்கள்

மண்டபம் பக்கம் இறால், கணவாய் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. இந்தக் கரையில் ஆள் எடுக்கிற எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பினால் சரக்கு மொத்தமாக வந்து குவியும். ஃப்ரீசர் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. அதற்காக அம்மோனியா பிளான்ட் ஆபரேட்டர் ஒருவரை, ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி ஒன்றின் மூலம் தேடினோம். மாதம் 32,000 சம்பளம், ஜூன் 10 சேர வேண்டும் என்று பேச்சு. கன்சல்டன்சிக்குக் கமிஷன் ஒரு மாதச் சம்பளம். அதில் பாதி ஆள் சம்மதித்ததும், மீதி சேர்ந்ததும். கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்த அன்றே 16,000-உம் ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்த்து 18,880 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 10 காலை ஷிப்ட்டுக்கு ஆள் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று மதியம்வரை பதறியது உண்மை. சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு வரி: "சார், பழைய கம்பெனில சம்பளம் ஏத்திட்டாங்க, வீட்லயும் அனுப்ப மாட்டேங்குறாங்க." எங்கள் லெட்டரைக் காட்டித்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அது அவர் பிழைப்பு. என் கோபம் அவர்மேல் அவ்வளவு இல்லை.

கன்சல்டன்சிக்காரரைக் கூப்பிட்டால், "அண்ணே, ரீப்ளேஸ்மெண்ட் எல்லாம் சேர்ந்த ஆள் 90 நாளுக்குள்ள போனாத்தான். இவரு சேரவே இல்லையே" என்கிறார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. சேர்ந்து ஓடினால் வேறு ஆள் தருவார்களாம், சேராமலே ஓடினால் பணம் போச்சாம்! இதைவிடக் கொடுமை, நாங்கள் இரண்டாவதாக வைத்திருந்த தொண்டிக்காரரிடம் "இடம் நிரம்பிவிட்டது" என்று எங்களைக் கேட்காமலே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் தூத்துக்குடியில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையில் எச்சரிக்கை மணி அடித்தது ஒரே இடத்தில்தான். ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னார்; அதைப் பழைய கம்பெனி ஏற்றுக்கொண்டு, கடைசி வேலைநாளைக் குறிப்பிட்டு அனுப்பும் பதில் மட்டும் கடைசிவரை வரவில்லை. "மேனேஜர் லீவு", "ஹெச்ஆர் ஊர்ல இல்ல" என்று நாள் ஓடியது. ராஜினாமா கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். ஏற்புப் பதில்தான் நிஜமான கணக்கு. ஆஃபர் கொடுத்து ஒரு வாரத்தில் அது வரவில்லை என்றால் அந்த ஆளைப் பாதி ஆளாக மட்டும் எண்ணுங்கள். இரண்டாவது ஆளிடம் நீங்களே நேரடியாகப் பேசி, பதினைந்து நாள் பொறுக்க முடியுமா என்று உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆள் வராத அன்று செய்ய வேண்டியதும் உண்டு. முதலில் போன், பிறகு அவர் கொடுத்த மாற்று எண். உடம்பு சரியில்லை, சாவு வீடு என்று நிஜமான காரணமும் இருக்கும். பதில் இல்லை என்றால் அன்றே மெயில் போடுங்கள்: நாளை மாலை 5 மணிக்குள் தகவல் இல்லாவிட்டால் ஆஃபர் ரத்து. கெடு தாண்டியதும் ரத்து செய்ததாக இன்னொரு மெயில். இதை விட்டுவிட்டால், வேறு ஆளை எடுத்த பிறகு பழையவர் லெட்டரோடு கேட்டில் வந்து நிற்பார். "குறித்த நாளில் சேராவிட்டால் தானாகக் காலாவதி" என்ற வரியை லெட்டரிலேயே வைத்துவிடுவது இன்னும் நல்லது.

கேஸ் போடலாமே என்று முதலாளி கேட்டார். ஒருவரை வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று கோர்ட் கட்டாயப்படுத்தாது. நஷ்ட ஈடு கேட்டால் நஷ்டத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும்; வக்கீல் செலவே அதைத் தாண்டும். ஆளின் போட்டோவையும் ஆதாரையும் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடு என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தப் பக்கமே போகாதீர்கள், வம்பு நம்மேல்தான் திரும்பும்.

தடைக்காலம் முடிந்த முதல் வாரம் எங்கள் சீனியர் ஆபரேட்டர்தான் இரண்டு ஷிப்ட்டையும் இழுத்தார். கம்ப்ரஸர் பக்கத்திலேயே கட்டில் போட்டுக் கிடந்தார் மனுஷன்.

அதே கன்சல்டன்சி போன வாரம் புது பயோடேட்டா அனுப்பி, திரும்பவும் பாதி முன்பணம் கேட்டது. ஆள் சேர்ந்து முதல் மாதச் சம்பளம் வாங்கிய பிறகே கமிஷன், சேராவிட்டால் ஒரு பைசா கிடையாது, எழுதிக் கொடுங்கள் என்று பதில் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை.