அடுப்பு ஒரே சுவரிலா, இரண்டு சுவரிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சின்ன உணவகத்தின் சமையலறை 5 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம். தோசைக்கல், கறி அடுப்பு, எண்ணெய்ச் சட்டி மூன்றையும் வெளிச்சுவரை ஒட்டி ஒரே வரிசையில் வைக்கலாம். அல்லது எண்ணெய்ச் சட்டியை மட்டும் எதிர்ச்சுவருக்கு மாற்றலாம். நாங்கள் முதலில் இரண்டாவது வழியில் கட்டினோம், எட்டு மாதத்தில் பிரித்து முதல் வழிக்கு வந்தோம்.

இரண்டு பக்கமும் அடுப்பு இருந்தால் வேலை சுலபம்தான். தோசை போடுபவரும் சமோசா பொரிப்பவரும் ஒருவரையொருவர் இடிக்க மாட்டார்கள். இதை மறுக்கவில்லை.

சிக்கல் தலைக்கு மேலே இருந்தது. அடுப்புக்கு மேலே தொங்கி, புகையை வடிகட்டி வழியாக இழுப்பது ஹூட். வெளிச்சுவர் அடுப்பின் புகைக்குழாய் நேராக மேலே போய்விடும். எதிர்ச்சுவர் ஹூடின் குழாயோ கூரையடியில் குறுக்கே படுத்து வந்து இதோடு சேர வேண்டும். வடிகட்டி எல்லா எண்ணெய் ஆவியையும் பிடிக்காது. தப்பிப்பது அந்தப் படுத்த குழாயில் குளிர்ந்து தங்கும். ஃபேன் ஒன்றே என்பதால் பக்கத்து ஹூடைத்தான் நன்றாக இழுத்தது, தள்ளியிருந்த ஹூடில் சமோசாப் புகை சாப்பிடும் இடத்துக்கே வந்தது. ஒருநாள் குழாய் இணைப்பிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே விரல் கனத்துக்கு எண்ணெய்ச் சேறு. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்திருந்தால் கூரை வரைக்கும் எரிய அது போதும்.

இப்போதைய வரிசை இதுதான்: தோசைக்கல் 90 செ.மீ., கறி அடுப்பு 90, நடுவே 40 செ.மீ. வெற்று மேசை, அப்புறம் எண்ணெய்ச் சட்டி 40. அந்த இடைவெளியை யாரும் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், தெறிக்கும் எண்ணெய் சுடரைத் தொடக் கூடாது. மொத்தம் 260 செ.மீ. ஹூட் 290 செ.மீ., இரு பக்கமும் 15 நீட்டி. வலை வடிகட்டி எண்ணெயைத் தன்னிலேயே பிடித்து வைத்து அடைத்துக்கொள்கிறது. அதனால் எண்ணெய் வழிந்து தட்டில் விழும் பட்டை வடிகட்டி போட்டோம். இரவு கழற்றி ஊறவைத்துக் கழுவுவோம். இழுப்பு சரியா என்று பார்க்க ஒரு டிஷ்யூவை வடிகட்டியருகே பிடிப்பேன், ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்கதவு திறக்கக் கனத்தால் உள்ளே வரும் காற்று போதவில்லை என்று அர்த்தம், காற்றுத் துளைகளைப் பெரிதாக்க வேண்டும்.

கழுவுதொட்டி எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதன் கழிவுநீரில் வரும் கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பில் கொழுப்பும் அடிவண்டலும் சேர்ந்து ஆழத்தில் கால்வாசி வந்ததும் அள்ளிவிடுகிறோம்.

மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சமைக்கும் கடைக்கு இரண்டு பக்க அமைப்பே பொருந்தலாம், அப்படி ஒரு கடையை நான் நடத்தியதில்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஹூடுக்கும் தனி ஃபேனும், நேராக மேலே ஏறும் தனிக் குழாயும் வையுங்கள்.