முதலாம் வருட சேதன இரசாயன "மாதிரி விடை" வாங்குவதற்கு முன் நீரகற்றல் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பல்கலைக்கழக முதலாம் வருடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி விடைத் தொகுப்பு விற்கிறார்கள். வங்கியில் காசைக் கட்டி ஸ்லிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிடிஎப் வரும், அதோடு ஒரு மீட்டல் வகுப்பும் உண்டு. என் தம்பி 3500 ரூபா கட்டி வாங்கினான். விற்றவரின் பெயரை இங்கே போட மாட்டேன். தொகுப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்குக் கீழே சொல்லும் வினாவைப் பார்த்ததுமே விளங்கிவிடும்.

நான் இரசாயனம் படித்துவிட்டு கல்லடிப் பக்கம் படிப்பிக்கிறவள். சோதனை முடிந்து விடைத்தாளைப் பார்க்கவிட்டபோது, அற்ககோல் நீரகற்றல் வினாவுக்கு 20 இல் 6 தான் கிடைத்திருக்கிறது என்று தம்பி வந்து சொன்னான். "அக்கா, ரியூட்டில இருந்ததை அப்படியே எழுதினேன்" என்றான். ரியூட்டை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அந்த 6 புள்ளியே அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது.

வினா இதுதான்: 3,3-டைமெதைல்பியூற்றன்-2-ஓலைச் செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் வெப்பமேற்றும்போது உண்டாகும் அற்கீன்கள் எவை, அவற்றில் பிரதான விளைவு எது, பொறிமுறையுடன் விளக்குக. அற்ககோலின் கட்டமைப்பு CH3-CH(OH)-C(CH3)3.

தொகுப்பில் இருந்த விடையின் சாரம்: OH இருப்பது C2 இல். பக்கத்துக் காபனான C3 இல் ஐதரசனே இல்லை. ஆகவே ஐதரசன் C1 இலிருந்துதான் போக வேண்டும். ஆகவே 3,3-டைமெதைல்பியூற்-1-ஈன் மாத்திரமே உண்டாகும், சைற்செவ் விதிக்கு இங்கே வேலை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படித்த பிள்ளையும் ஏமாறுகிற மாதிரி ஒழுங்கான தர்க்கம். ஆனால் அவர் "மாத்திரமே" என்று எழுதிய அந்த அற்கீன் உண்மையில் கலவையில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் வரும்.

ஏன் என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். அமிலத்தில் முதலில் நடப்பது OH இன் ஒட்சிசனில் புரோத்தன் ஏறுவது. அது OH2+ ஆன பிறகு நீர் மூலக்கூறாகக் கழன்று போகிறது. தொகுப்பில் OH- நேராகக் கழன்று போவதாக அம்பு போட்டிருந்தார்கள். அமிலக் கரைசலில் அப்படி எழுதினால் அந்தப் படியின் புள்ளி அங்கேயே போய்விடும். நீர் போனதும் C2 இல் நேர் ஏற்றம் நிற்கிறது. C2 இரண்டு காபன்களோடு மட்டும் இணைந்திருப்பதால் இது வழிக் காபோகற்றயன்.

இந்த இடத்தில்தான் தொகுப்பு எழுதியவர் கதையை முடித்துவிட்டார். உண்மையில் கதை இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் இருக்கும் C3 இல் மூன்று மெதைல் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, தன் பிணைப்பு இலத்திரன் சோடியையும் கொண்டு, C3 ஐ விட்டு C2 க்கு நகர்கிறது. இப்போது C2 க்கு நான்கு பிணைப்புகள் ஆகிவிட்டன, ஏற்றம் C3 க்குப் போய்விட்டது. புதிய அயன் (CH3)2CH-C+(CH3)2. C3 மூன்று காபன்களோடு இணைந்திருப்பதால் இது புடைக் காபோகற்றயன், முந்தியதைவிட நல்ல உறுதி. வழி அயன் புரோத்தனை இழப்பதைவிட இந்த நகர்வு மிக வேகமாக நடந்துவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலான மூலக்கூறுகள் இந்தப் பாதையால் போகின்றன.

இனி, புடை அயன் புரோத்தனை எங்கிருந்து இழக்கும் என்று பார்க்க வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. C2 இல் உள்ள ஒரே ஐதரசன் போனால் (CH3)2C=C(CH3)2 கிடைக்கும், அதாவது 2,3-டைமெதைல்பியூற்-2-ஈன். C3 இல் மிஞ்சியிருக்கும் இரண்டு மெதைல்களில் ஒன்றிலிருந்து போனால் CH2=C(CH3)-CH(CH3)2 கிடைக்கும், இது 2,3-டைமெதைல்பியூற்-1-ஈன். புரோத்தனை எடுத்துக்கொள்வது நீர் அல்லது HSO4- தான். இங்கே OH- என்று எழுதுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது, அதையும் விடுங்கள்.

பாடநூல்களில் வழமையாகக் கொடுக்கப்படும் தரவு ஒன்றின்படி 2,3-டைமெதைல்பியூற்-2-ஈன் சுமார் 64 சதவீதம், 2,3-டைமெதைல்பியூற்-1-ஈன் சுமார் 33 சதவீதம், நகர்வு நடக்காத பாதையால் வருவது சுமார் 3 சதவீதம். வேறு அமிலமோ வேறு வெப்பநிலையோ என்றால் இந்த எண்கள் மாறும். சில நூல்கள் முதல் இரண்டையும் மட்டும் 80க்கு 20 என்று கொடுத்திருக்கும். வரிசை மட்டும் மாறாது. விடையில் எண்ணை எழுத வேண்டிய தேவையில்லை, வரிசையையும் அதற்கான காரணத்தையும் எழுதினால் போதும்.

அந்தக் காரணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெதைல்களில் 6 ஐதரசன், C2 இல் ஒன்றே ஒன்று. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் -1-ஈன் தான் ஆறு மடங்கு வர வேண்டும். அப்படி வராமல் போவதற்குக் காரணம், -2-ஈனின் இரட்டைப் பிணைப்பில் நான்கு மெதைல்கள் இருப்பது. அந்த உறுதி புரோத்தன் கழலும் நிலைமாறு நிலையிலேயே பாதி தெரிய ஆரம்பித்துவிடுகிறது. சைற்செவ் விதி இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதை நகர்வுக்குப் பிறகு வந்த அயனுக்குப் பிரயோகிக்க வேண்டும், தொடக்க அற்ககோலுக்கு அல்ல. தம்பியின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதியிருந்த ஒரே குறிப்பும் இதுதான். இன்னொன்று, கலவையை அமிலத்தோடு நீண்ட நேரம் வைத்திருந்தால் உண்டான அற்கீன்கள் மறுபடி புரோத்தன் ஏற்று, உறுதி கூடிய -2-ஈன் பக்கம் இன்னும் சாயும்.

இதையெல்லாம் எழுதி விற்றவருக்கு அனுப்பினேன். முதலில், "மிஸ், இது மேல் வருடப் பாடம், முதலாம் வருடத்துக்குத் தேவையில்லை" என்றார். முகப்பிலேயே முதலாம் வருடப் பாடத்திட்டத்துக்கு ஏற்றது என்று அச்சடித்துவிட்டு இப்படிச் சொல்வது எப்படி? அதோடு இது நேற்று வந்த விஷயமும் இல்லை. அமெரிக்காவின் விற்மோர் இந்த நகர்வுகளுக்குப் பொதுவான விளக்கத்தை 1932 இலேயே வெளியிட்டுவிட்டார். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "மூலக்கூற்றுச் சூத்திரம் C6H12 சரியாகத்தானே வருகிறது, திருத்தினவர் புள்ளி தந்திருக்க வேண்டும்" என்றார். மூன்று அற்கீன்களுக்கும் அதே C6H12 தான் ஐயா! சூத்திரம் சரி என்பதால் கட்டமைப்பும் சரியாகிவிடாது.

இதில் பெரிய வேடிக்கை, அதே தொகுப்பில் இரண்டு பக்கம் தள்ளி இருந்த வினா. அங்கே 2-மெதைல்பியூற்றன்-2-ஓல், CH3-C(OH)(CH3)-CH2-CH3. நீர் போனால் தொடக்கத்திலேயே புடைக் காபோகற்றயன் கிடைக்கிறது. இதில் நகர வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் C3 இலிருந்து ஐதரைட்டு வந்தால் ஏற்றம் C3 க்குப் போய் வழி அயன் ஆகிவிடும். உறுதி கூடியதை விட்டுக் குறைந்ததற்கு யார் போவார்? ஆனால் அவர் இங்கே நகர்வைப் போட்டு 3-மெதைல்பியூற்-1-ஈனைப் பிரதான விளைவாக எழுதியிருக்கிறார். சரியான விடை 2-மெதைல்பியூற்-2-ஈன் பிரதானம், 2-மெதைல்பியூற்-1-ஈன் குறைவு. நகர்வு தேவையான இடத்தில் இல்லை, தேவையில்லாத இடத்தில் இருக்கிறது. எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் முடிவு.

அம்புக்குறியும் பிழை. நகர்வைக் காட்டும் வளைந்த அம்பு, நகரும் கூட்டத்தைப் பிடித்திருக்கும் பிணைப்பில் தொடங்கி, ஏற்றம் உள்ள காபனில் முடிய வேண்டும். தொகுப்பில் + அடையாளத்தில் தொடங்கி ஐதரசனைத் தொட்டு நிற்கிறது. இப்படி வரைகிற பிள்ளை ஏற்றத்தை நகர்த்த மறந்து, ஐந்து பிணைப்புள்ள காபனையும் எழுதிவிடும். நகர்வுக்கு முன்னும் பின்னும் ஐதரசனை எண்ணிப் பார்த்தால் பிழை பிடிபடும்: முதல் வினாவில் இரண்டு அயன்களும் C6H13+ ஆக இருக்க வேண்டும், ஒவ்வொரு காபனுக்கும் நான்குக்கு மேல் பிணைப்பு இருக்கக் கூடாது.

கையில் ஏற்கெனவே தொகுப்பு இருப்பவர்கள் ஓசோன் கொண்டு பிளக்கும் வினாக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரிசோதகர்களுக்கு இப்படி இரண்டையும் கோர்த்துக் கேட்கப் பிடிக்கும். பிரதான விளைவான -2-ஈனை ஓசோனால் பிளந்து நாகத்தூளும் நீரும் சேர்த்தால் புரப்பனோன் மட்டுமே வரும், வேறு எதுவும் இல்லை. தொகுப்பு சொன்ன அற்கீன் என்றால் மெதனலும் 2,2-டைமெதைல்புரப்பனலும் வர வேண்டும். அதே தொகுப்பின் பிற்பகுதியில், "இந்த அற்ககோலை நீரகற்றிக் கிடைத்த பிரதான அற்கீன் புரப்பனோனை மட்டும் தந்தது" என்று ஒரு வினா இருக்கிறது! தன் புத்தகத்துக்குள்ளேயே தனக்கு எதிராகச் சாட்சி வைத்திருக்கிறார். அந்த வினாவுக்கு விடை மட்டும் போடவில்லை.

சில பிள்ளைகள் கேட்டார்கள், அப்படியென்றால் 3,3-டைமெதைல்பியூற்-1-ஈனை அந்த அற்ககோலிலிருந்து எடுக்கவே முடியாதா என்று. முடியும், ஆனால் காபோகற்றயன் உருவாகாத வழியால் போக வேண்டும். அற்ககோலைச் சாந்தேற்றாக மாற்றி வெப்பமேற்றினால், சுகாயெவ் முறை என்பார்கள், மெதைல் நகர நேரமே இல்லாமல் அந்த அற்கீன் வரும். செறிந்த சல்பூரிக்கமிலம் என்று வினாவில் இருந்தால் அந்த விடைக்கு இடமில்லை.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "பிடிஎப் அனுப்பினா திருப்பி எடுக்கிறேல்ல" என்று பதில். ரசீதும் தரவில்லை. பக்கங்களைத் திருத்தி வாங்கியவர்களுக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன், அதற்கு இன்றுவரை பதில் இல்லை. இப்போது அடுத்த தொகுதிக்குக் கல்முனையில் பதிவு நடக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. காசு கட்ட முன்பு, 3,3-டைமெதைல்பியூற்றன்-2-ஓல் வினாவின் பக்கத்தையும் 2-மெதைல்பியூற்றன்-2-ஓல் வினாவின் பக்கத்தையும் மாதிரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் மெதைல் நகர்வும் மூன்று அற்கீன்களும் இல்லையென்றால், அல்லது இரண்டாவது பக்கத்தில் ஐதரைட்டு நகர்வு இருந்தால், ஸ்லிப் அனுப்ப வேண்டாம்.