மங்கிய மருதோன்றியும் என் மூன்று வருடக் கிம்பும்

போன கிழமை கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் கோல் எடுத்தான். "மச்சான், மங்கின மெஹந்தியை நீ படத்தில் நல்லாச் சிவக்க வைக்கிறாயாம், பக்கத்துத் தோலில் சாயமே ஏறாதாம், என்னவென்று செய்கிறாய்?" என்று கேட்டான். ஒரு கோலில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மூன்று வருடமாகக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில்தான் இந்த வேலையைச் செய்கிறேன், வெள்ளவத்தைப் பக்கக் கல்யாணங்கள்தான் அதிகம்.

மருதோன்றி போட்டு ஒன்றிரண்டு நாளில்தான் நிறம் முழுதாக ஏறும், பிறகு தோல் உரிய உரிய மங்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் போட்டது, கிழமை கழித்து வீட்டில் எடுக்கும் படங்களில் செம்மண் தண்ணீர் மாதிரி இருக்கும். அதுவும் கொழும்பு வியர்வையிலும் கை கழுவலிலும் புறங்கைதான் முதலில் போகும், உள்ளங்கையில் தோல் தடிப்பு என்பதால் அங்கே கொஞ்சம் நிற்கும்.

முதல் வருடம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். செம்மஞ்சள் நிறத்தைத் தெரிவு செய்து கூட்டினேன். எங்கள் தோலும் அதே செம்மஞ்சள் குடும்பம்தானே, கை முழுக்க மஞ்சள் பூசின மாதிரி வந்தது. பிறகு தூரிகையால் வரி வரியாகக் கீறிப் பார்த்தேன், ஒரு கைக்கு ஒரு பின்னேரம் முழுதும் போய்விடும், கடைசியில் கையில் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கும். இருட்டான இடத்தை மட்டும் தெரிவு செய்தால் விரல் இடுக்கு நிழலும் மூட்டு மடிப்பும் சேர்ந்து சிவக்கும்.

இதை மாற்றினது ஒரு சின்னக் கணக்கு. மருதோன்றி நீல ஒளியை நன்றாக விழுங்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. நிழலோ மூன்று நிறத்தையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைக்கும். அண்மையில் செய்த ஒரு மணப்பெண்ணின் புறங்கையில் நிறம் எடுக்கும் கருவியை வைத்து, 0 முதல் 255 வரையான அளவில் பார்த்த எண்கள்: வெறும் தோலில் சிவப்பு 186, நீலம் 104. மங்கிய வரியில் சிவப்பு 170, நீலம் 66. விரல் இடுக்கு நிழலில் சிவப்பு 96, நீலம் 51. வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் நிழல்தான் ஆகக் கறுப்பு, அதைத்தான் மென்பொருள் மருதோன்றி என்று நினைக்கும். நீலத்தைச் சிவப்பால் வகுத்துப் பாருங்கள்: தோல் 0.56, நிழல் 0.53, மருதோன்றி 0.39. நிழல் தோலோடு போய்ச் சேர்ந்துவிட்டது! இதை முதன்முதலில் திரையில் பார்த்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை, இன்றைக்கும் அந்தச் சாம்பல் படத்தில் வரிகள் மட்டும் தனியே எழும்பி வரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

கிம்பில் செய்வது இப்படி. Decompose கொடுத்துப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும். பச்சையை மறைத்து, நீலத்தை அடியிலும் சிவப்பை அதற்கு மேலும் வைத்து, மேலடுக்கின் முறையை Divide என்று மாற்றினால் அந்த வகுத்தல் நடந்துவிடும். தெரிவதை New from Visible மூலம் புது அடுக்காக்கி, Levels திறந்து தோல் முழு வெள்ளையாகவும் வரி கறுப்பாகவும் வரும்வரை இரண்டு முனைகளையும் நெருக்க வேண்டும். இந்தக் கையில் தோல் 140க்குப் பக்கத்திலும் வரி 100க்குப் பக்கத்திலும் நின்றது, நான் 100, 130 என்று வைத்தேன். பிறகு Invert செய்தால், எங்கே நிறம் ஏற வேண்டும் என்று காட்டும் முகமூடி தயார்.

நிறம் ஏற்ற வெளியில் இருந்து சாயம் எடுக்கத் தேவையில்லை. அசல் படத்தின் ஒரு பிரதியை மேலே வைத்து Multiply ஆக்கி, அதற்கு இந்த முகமூடியை மாட்டி, புறங்கைக்கு 40 சதவீதமும் உள்ளங்கைக்கு 55 சதவீதமும் வைக்கிறேன். அந்தக் கையில் இருந்த அதே நிறம்தான் ஆழமாகிறது, தோலின் ரேகையும் மினுக்கமும் அப்படியே இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே கடும் நிறத்துக்குக் கொண்டுவராதீர்கள், மருதோன்றி போட்டுப் பழகின எந்த அம்மாவும் உடனே கண்டுபிடிப்பார்.

சாயம் பட்டதா என்று கண்ணை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். இரண்டு வரிக்கு நடுவில் உள்ள தோலில் முன்னும் பின்னும் எண்ணைப் பாருங்கள், ஒன்றிரண்டுக்கு மேல் நகர்ந்திருந்தால் முகமூடி கசிகிறது.

இனி, மூன்று வருடமாக என்னை எரிச்சல்படுத்தும் விஷயம். சாட்டில் அனுப்பிய படங்கள். "அண்ணா, இந்தப் படத்தில் கை மட்டும் திருத்தித் தாங்கோ" என்று பாசமாகத்தான் அனுப்புகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சுருக்கிய ஜேபெக் படங்களில் வெளிச்சம் முழு விவரத்தோடும் நிறம் நீளத்திலும் அகலத்திலும் பாதி விவரத்தோடும்தான் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். என் முறையோ முழுக்க முழுக்க நிறத்தை நம்பியது. அதனால் மெல்லிய வரிகளில் முகமூடி இரண்டு மூன்று புள்ளி வெளியே வழிந்து, ஒவ்வொரு வரியைச் சுற்றியும் துரு பிடித்த மாதிரி ஒரு ஓரம் வரும். எதைச் செய்யக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டேனோ அதுவே வந்து நிற்கும்.

இதற்கும் ஒரு வழி பிடித்தேன். அசல் படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்று, அதற்கு மேல் அதையே 60 புள்ளி Gaussian Blur செய்தது ஒன்று, மேலதற்கு Divide. அந்த 60 முழு அளவுப் படத்துக்கு, அதில் வரி 12 புள்ளி அகலம். சின்னப் படத்தில் வரி அகலத்தின் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள தோலைவிட இருட்டானது மட்டும் மிஞ்சும், ஓரம் கூர்மையாக இருக்கும். இதையும் Levels, Invert செய்து முதல் முகமூடியோடு பெருக்கினால், அது மருதோன்றியா இல்லையா என்பதை நிறம் சொல்லும், வரி எங்கே முடிகிறது என்பதை வெளிச்சம் சொல்லும். வழிதல் பெரும்பாலும் நின்றுவிடும். கிம்ப் 3.0க்கு மாறின பிறகு மங்கலாக்கிய அளவைத் திரும்பப் போய் மாற்ற முடிவது இந்த இடத்தில் பெரிய உதவி.

ஆனாலும் தோல் உரிந்து வரி அறுந்த இடத்தில் நிறமே இல்லை, இல்லாததை எந்தக் கணக்கும் ஆழமாக்காது. மற்ற இடம் சிவக்கச் சிவக்க அந்த ஓட்டைகள் இன்னும் துலக்கமாகத் தெரியும், அதைக் கையால்தான் கோர்க்க வேண்டும். பிளாஷ் பட்டுச் சிவப்பு 255இல் முட்டி நிற்கும் விரல் முனைகளிலும் வகுத்தல் பொய் சொல்லும். நேற்றிரவு ஒரு சாட் படத்தில் ஒரே ஒரு மயிலின் தோகைக்கு மூன்று மணித்தியாலம் போனது, முடித்துவிட்டுப் பார்த்தால் எனக்கே திருப்தி இல்லை.

ஆகவே நண்பா, இதைவிட நல்ல முறை என்னிடம் இல்லை, வேறொன்றுக்கு மாறவும் மாட்டேன். ஆனால் உன்னிடம் இருப்பது யாரோ ஒரு அக்கா சாட்டில் அனுப்பிய இருபது படம் மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதே. கமரா கார்ட்டில் இருக்கும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கு, வந்தால் முதல் கையை நானே இருந்து செய்து காட்டுகிறேன்.