மொத்த ஆர்டருக்கு அழைப்புக் கடிதம்: நோட்டு வாங்கும் பள்ளிகளுக்கு ஒரு எச்சரிக்கை

வடசென்னையில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கு நான் முதல்வர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம் படிக்கிறார்கள். நோட்டுக்கான பணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கட்டும் பெற்றோர் பலர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் பாரிமுனைப் பக்கத்து எழுதுபொருள் கடை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. நல்ல லெட்டர்பேட், சுத்தமான தமிழ். வரும் கல்வியாண்டுக்கான நோட்டு, எழுதுபொருள் மொத்த ஆர்டர் பற்றி நேரில் பேச எங்களை அழைத்திருந்தார்கள். ஆண்டு முழுக்க ஒரே விலை, பள்ளிப் பெயரோடு அட்டை, பள்ளிக்கே டெலிவரி என்று எல்லாம் இருந்தது. தாளின் கனம் என்ன, உள்ளே எத்தனை தாள், என்ன அளவு என்பது மட்டும் எங்கும் இல்லை. "தரம் பற்றி நேரில் சாம்பிளுடன் பேசிக்கொள்ளலாம்" என்று ஒரு வரியோடு விட்டிருந்தார்கள். அந்த வரியில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது.

கடை உரிமையாளரே சாம்பிள் நோட்டோடு பள்ளிக்கு வந்தார். 24-க்கு 18 சென்டிமீட்டர், 192 பக்கம், தாள் 58 ஜிஎஸ்எம் என்றார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். இங்க் பேனாவில் எழுதிப் பார்த்தோம், பின்பக்கம் ஊறவில்லை. விலை 38 ரூபாய், 12 சதவீத ஜிஎஸ்டி தனி. 6,000 நோட்டுக்குப் பேசி முடித்து, பாதிப் பணம் 1,28,000 ரூபாயை அட்வான்ஸாகக் கொடுத்தோம். கொட்டேஷனிலும் பில்லிலும் அவர் எழுதியது "192 பக்க நோட்டு" என்று மட்டும்தான்.

அப்புறம் ஒரு நாள் போன் செய்தார். "மேடம், அட்டை அளவு சரிபார்க்க பிரஸ்ல சாம்பிள் கேக்கறாங்க, பையனை அனுப்பறேன்" என்றார். பையன் வந்து வாங்கிப் போனான். அது திரும்பி வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் பிரஸ்ஸில் இருக்கிறது என்றார்கள். முதலில் அவர் கொண்டுவந்தது இரண்டு நோட்டு. இன்னொன்று அட்டைப் படம் வரைய எங்கள் ஓவிய ஆசிரியரிடம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. அது மட்டும் இல்லையென்றால் எங்கள் கையில் ஆதாரமே இருந்திருக்காது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் டெம்போவில் சரக்கு இறங்கியது. பள்ளிப் பெயரும் படமும் போட்ட அட்டை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏழாம் வகுப்புத் தமிழ் ஆசிரியைதான் முதலில் சொன்னார்: "மேடம், ஒரு பக்கம் எழுதினா மறுபக்கம் எழுத முடியல, மை அப்படியே தெரியுது."

உடனே ஒரு நோட்டைப் பிரித்துத் தாள்களை எண்ணினோம். நடுவில் பின் அடித்த நோட்டில் இது சுலபம். பின் தெரியும் இடத்தில் திறந்து ஒரு பக்கத்துத் தாள்களை மட்டும் எண்ணினால் போதும், மறுபக்கமும் அதே எண்ணிக்கைதான். 192 பக்கம் என்றால் 96 தாள், ஆகவே ஒரு பக்கம் 48 வர வேண்டும். 44 தான் இருந்தது. அதாவது 176 பக்கம். கேட்டதற்கு, "அட்டையையும் சேர்த்துத்தான் எண்ணுவோம் மேடம், எல்லா கம்பெனியும் அப்படித்தான்" என்றார். சரி, அட்டையைச் சேர்த்தாலும் நான்கு பக்கம்தான் கூடும். மீதிப் பன்னிரண்டு எங்கே என்றால் பதில் இல்லை.

தாளின் கனத்தைக் கண்டுபிடிக்க மளிகைக் கடைத் தராசு போதும். கணக்கு இதுதான். ஒரு தாள் 24 × 18, அதாவது 432 சதுர சென்டிமீட்டர். 96 தாள் சேர்ந்தால் சுமார் 4.15 சதுர மீட்டர். அதை 58 ஆல் பெருக்கினால் 240 கிராம். அட்டைக்கு ஒரு 22 கிராம் சேர்த்தால் நோட்டு 262 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நிறுக்காதீர்கள். பத்து நோட்டைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால்தான் சரியாக வரும். தாள் ஈரம் இழுக்கும், வெட்டும்போது ஓரம் கொஞ்சம் போகும், எனவே ஐந்து சதவீதம் வரை முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். ஓவிய ஆசிரியர் வைத்திருந்த சாம்பிள் 260 கிராம். வந்திறங்கிய நோட்டோ சராசரியாக 212 கிராம். குறைந்த தாள்களைக் கழித்துக் கணக்குப் போட்டால் தாள் 50 ஜிஎஸ்எம்தான் வருகிறது. நோட்டுக்கு ஏறக்குறைய 50 கிராம் என்று வைத்தால், 6,000 நோட்டில் 300 கிலோ தாள் எங்களுக்கு வரவே இல்லை.

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். "உங்க ஸ்கூல் பேர் போட்டாச்சு, நான் யாருக்கு விக்கறது?" என்றார். பெயர் போட்ட அட்டையை இலவசம் என்று ஆசையாகக் கொடுப்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நோட்டு வெளியே விற்காது, அட்வான்ஸ் அவர் கையில், பள்ளியும் திறக்கப் போகிறது.

வரியிலும் ஒரு விஷயம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பயிற்சி நோட்டுகளுக்கும், பென்சில், ரப்பர், ஷார்ப்னருக்கும் ஜிஎஸ்டி கிடையாது. எங்கள் பில்லில் 12 சதவீதம் என்று 27,360 ரூபாய் போட்டிருந்தது. கேட்டால், பழைய ஸ்டாக் என்பதால் பழைய வரி என்றார். அப்படிக் கிடையாது. சரக்கு எப்போது விற்கப்படுகிறதோ அன்றைய விகிதம்தான். பள்ளிப் பெயரோடு புதிதாக அடித்த நோட்டு எப்படிப் பழைய ஸ்டாக் ஆகும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இன்னும் 12 சதவீதம் எழுதி வரும் கொட்டேஷனை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடையின் ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டுப் பார்க்கலாம். அதில் Composition என்று வந்தால், அந்தக் கடை உங்களிடம் தனியாக வரி வாங்கவே கூடாது.

பெற்றோர் ஒருவர் வழக்கறிஞர். அவர் சொல்லித்தான் தெரிந்தது: 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிரிவு 17, சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. எடை, தாள் எண்ணிக்கை, சாம்பிளின் படம் எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தார். வரியை முழுதாக விட்டார், நோட்டுக்கு ஐந்து ரூபாய் வீதம் 30,000 குறைத்தார். மீதி 70,000 கொடுத்து முடித்தோம். குறைத்ததைப் பெற்றோரின் அடுத்த தவணையில் கழித்துவிட்டோம். ஆனால் பிள்ளைகள் இந்த ஆண்டு முழுக்க ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்தான் எழுதுகிறார்கள், நோட்டு சீக்கிரம் தீர்கிறது. அந்தச் செலவு மறுபடி அதே பெற்றோர் தலையில்தான் விழுகிறது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த ஆண்டுக்கு எங்கள் ஆர்டரில் அளவு, அட்டை நீங்கலாகத் தாள் எண்ணிக்கை, ஜிஎஸ்எம், பத்து நோட்டின் எடை நான்கையும் எழுதப் போகிறோம். சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு அது பள்ளி பீரோவிலேயே இருக்கும். பிரஸ்ஸுக்கு வேண்டுமென்றால் அவர்கள் வேறு நோட்டு கொண்டுவரட்டும். நிறுத்துப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம்.

இதே மாதிரிக் கடிதம் பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் சில பள்ளிகளுக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏற்கெனவே சரக்கு இறக்கியிருந்தால் இன்றே ஒரு பண்டலைப் பிரித்து எண்ணி, நிறுத்துப் பாருங்கள். குறை இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், சரக்கை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே அதே சட்டத்தின் பிரிவு 42 எடுத்துக்கொள்ளும்.