நாள் குறிப்பதும் வாய்ப்பு சொல்வதும்: நிலநடுக்கம் பற்றிய மூன்று வகைக் கணிப்புகள்

எங்காவது பெரிய நிலநடுக்கம் வந்துவிட்டால், மறுநாள் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வந்து நிற்கும். "இவர் மூன்று நாள் முன்பே சொன்னார்" என்று. என்ன சொன்னார் என்று திறந்து பார்த்தால், உலகில் எங்கோ 6 அளவுக்கு மேல் ஒன்று வரும் என்று சொல்லியிருப்பார். உலகம் முழுக்க ஆண்டுக்கு அப்படி நூற்றுக்கும் மேற்பட்டவை வருகின்றன. ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒன்று. நாட்காட்டியைப் பார்த்து நானும் சொல்லலாம், பெரும்பாலும் பலிக்கும்.

நிலநடுக்கம் பற்றி மூன்று விதமாகப் பேசுகிறார்கள். முன்னறிவிப்பு என்றால் இடம், நாள், அளவு மூன்றையும் குறித்துச் சொல்வது. வாய்ப்புக் கணிப்பு என்றால் இந்தப் பகுதியில் இத்தனை காலத்துக்குள் இத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது அபாய வரைபடம். அது நிலநடுக்கத்தைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை, உங்கள் காலடி நிலம் எவ்வளவு வலுவாகக் குலுங்கலாம் என்பதைப் பற்றிப் பேசுகிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "விஞ்ஞானிகள் கோட்டை விட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு கிளம்புகிறது.

முதல் வகையை உலகில் மிக நேர்மையாகச் சோதித்துப் பார்த்த இடம் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டு. சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப் பிளவின் மேல் இருக்கும் குக்கிராமம். அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறக்குறைய 6 அளவில் நிலநடுக்கங்கள் வந்திருந்தன. சராசரி இடைவெளி 22 ஆண்டு. 1966-உடன் 22-ஐக் கூட்டினால் 1988. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1985-இல் வெளிப்படையாகவே அறிவித்தது: அடுத்தது 1988-ஐ ஒட்டி வரும், 1993-க்குள் வந்துவிட 95 சதவீத வாய்ப்பு. பிறகு அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கருவிகளை நட்டார்கள். நிலம் இழுபடுவதையும் நிலத்தடி நீர் ஏறி இறங்குவதையும் பிளவு நகர்வதையும் இரவு பகலாக அளந்தார்கள்.

1988 போனது, 1993-உம் போனது. வந்தது 2004 செப்டம்பர் 28 அன்று. இடமும் சரி, அளவும் சொன்னபடி 6. ஆனால் கெடு தாண்டிப் பதினொரு ஆண்டு. இதைவிட முக்கியமான தோல்வி ஒன்று உண்டு. இவ்வளவு கருவிகள் விழித்திருந்தும், அதற்கு முந்தைய நாட்களிலோ மணிகளிலோ நம்பத்தக்க அறிகுறி எதுவும் பதிவாகவில்லை. போதாக்குறைக்கு, 1934-இலும் 1966-இலும் பிளவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக உடைந்திருந்தது. இந்த முறை எதிர்த்திசையில் உடைந்தது.

ஏன் இப்படி? ஒரு பிளவின் இரு பக்கப் பாறைகளையும் உராய்வு பிடித்து வைத்திருக்கிறது. ஏதோ ஒரு சிறு இடத்தில் பிடி விட்டதும் உடைவு பக்கத்துக்குப் பரவுகிறது. 3 அளவில் நின்றுபோகும் நிலநடுக்கமும் 7 அளவில் முடியும் நிலநடுக்கமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவதாகத் தெரிகிறது. எங்கே போய் நிற்கும் என்பதை, வழியில் உள்ள பாறை ஒவ்வொன்றும் உடையும் நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது முடிவு செய்கிறது. அது பல கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பது. பார்க்ஃபீல்டில் பிளவுக்குள்ளேயே துளையிட்டுப் பார்த்தார்கள், சுமார் 3 கிலோமீட்டர் ஆழம் வரைதான் போக முடிந்தது. வானிலைக்கு செயற்கைக்கோள் படம் இருக்கிறது. பாறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு அப்படி ஒரு படம் இல்லை.

சரி, அப்படியானால் இரண்டாவது வகை என்ன பயன்? சிறு நிலநடுக்கம் ஒன்று வந்தால், அடுத்து பெரியது வரும் வாய்ப்பு சில நாட்களுக்கு உண்மையிலேயே கூடுகிறது. கலிபோர்னியாவில் ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வர ஏறக்குறைய 5 சதவீதம் வாய்ப்பு என்பார்கள். பார்க்ஃபீல்டிலேயே 1992 அக்டோபரில் 4.7 அளவில் ஒன்று வந்தபோது, 72 மணி நேரத்துக்குள் பெரியது வர 37 சதவீத வாய்ப்பு என்று உச்சக்கட்ட எச்சரிக்கை கொடுத்தார்கள். எதுவும் வரவில்லை. அதனால் அந்தக் கணிப்பு பொய் என்று சொல்ல முடியாது, 63 சதவீதம் வராது என்றும் அதுவேதானே சொன்னது? இப்படிப்பட்ட கணிப்புகள் பலவற்றைச் சேர்த்து வைத்து, எத்தனை முறை பலித்தது என்று எண்ணினால்தான் தரம் தெரியும்.

2024 ஆகஸ்ட் 8 அன்று தென் ஜப்பானில் 7.1 அளவில் நிலநடுக்கம் வந்ததும், பெரும் நிலநடுக்கங்கள் பிறக்கும் நன்காய் கடற்பள்ளம் குறித்து ஜப்பான் வானிலை நிறுவனம் முதன்முறையாகத் தனி அறிவிப்பு விட்டது. பிரதமர் வெளிநாட்டுப் பயணத்தை ரத்து செய்தார். சில கடற்கரைகளை மூடினார்கள். இத்தனைக்கும் சொல்லப்பட்ட வாய்ப்பு என்ன? சாதாரண வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று, அந்த வாரத்தில் சில நூறில் ஒன்று. பல மடங்கு கூடியும் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஒரு வாரத்தில் எதுவும் நடக்காமல் அறிவிப்பை முடித்துக்கொண்டார்கள். ஆனால் 2011 மார்ச் 9-இல் 7-ஐத் தாண்டிய ஒன்று வந்து, இரண்டு நாள் கழித்து அருகிலேயே 9 அளவில் வந்ததைப் பார்த்த நாடு அது. சில நூறில் ஒன்றுக்கு அவர்கள் அவ்வளவு மதிப்பு கொடுத்ததை நான் சரி என்றே நினைக்கிறேன்.

மூன்றாவதான அபாய வரைபடம்தான் அதிகம் தவறாகப் படிக்கப்படுகிறது. பல நாடுகளின் வரைபடங்களில் "50 ஆண்டில் 10 சதவீதம்" என்று ஒரு குறிப்பு இருக்கும். அங்கே காட்டும் குலுக்கலைவிட அதிகமாகக் குலுங்க 50 ஆண்டில் பத்தில் ஒரு வாய்ப்பு என்று அதற்குப் பொருள். இதையே 475 ஆண்டுக்கு ஒருமுறை என்றும் சொல்வார்கள். 475 ஆண்டு கழித்துத்தான் வரும் என்று அதைப் படிக்கக் கூடாது. எந்த ஆண்டிலும் 475-இல் ஒரு வாய்ப்பு, நேற்று வந்திருந்தாலும் இன்றும் அதே கணக்கு. வரைபடம் காட்டியதைவிட அதிகமாக ஓர் ஊர் குலுங்கினால் உடனே வரைபடம் தோற்றது என்றும் ஆகாது. பத்தில் ஓர் இடத்தில் அப்படி நடக்கும் என்று அதுவே சொல்லியிருக்கிறது.

இந்தியா 2002-இல் திருத்திய மண்டல வரைபடம் இந்த ரகம் இல்லை. அந்தத் திருத்தத்தில் நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் கடந்த கால நிலநடுக்கங்களில் உணரப்பட்ட அதிர்வை வைத்துப் போட்டது, இத்தனை ஆண்டில் இத்தனை சதவீதம் என்று அது சொல்லவில்லை. கடந்த காலம் தெரியாத இடத்தில் இந்த முறை என்ன செய்யும் என்பதை மகாராஷ்டிரத்தின் கில்லாரி காட்டிவிட்டது. அப்போது அது மிகக் குறைந்த அபாயம் என்று குறித்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடிகாலை அங்கே வந்தது 6.2 அளவுதான். மண்சாந்தில் அடுக்கிய கனமான கல்சுவர்கள் தூங்கியவர்கள் மேல் சரிந்து, சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே சிறு அதிர்வுகள் வந்து அடங்கியிருந்தன. இன்று பார்த்தால் அறிகுறி போலத் தோன்றும், ஆனால் அப்படி வந்து அப்படியே ஓய்ந்துபோன அதிர்வுகள் எத்தனையோ ஊர்களில் உண்டு.

முதல் மண்டலம் என்பதையே 2002-இல் நீக்கினார்கள். அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. சென்னைக்கு நிலநடுக்கம் வரப்போகிறது என்று சிலர் அதைப் படித்தார்கள். உண்மையில் அது கட்டட வடிவமைப்பாளருக்குக் கொடுத்த எண்: பக்கவாட்டு விசையைக் கணக்கிடும் காரணி 0.10-இலிருந்து 0.16 ஆனது. தூணில் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் நுனி எப்படி வளைய வேண்டும் என்பது வரை இது போகும். வெறும் 90 பாகையில் வளைத்து விட்டால், குலுங்கும்போது மேற்பூச்சு கான்கிரீட் உதிர்ந்து ரிங் திறந்துகொள்ளும். அதனால் நுனியை 135 பாகையில், தூணின் உள்பக்கமாக மடக்கச் சொல்கிறது விதி. வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடுவதற்கு முதல்நாள் மாலை தளத்துக்குப் போய், தூணின் ரிங் ஒவ்வொன்றையும் பாருங்கள். நுனி உள்ளே மடங்கியிருக்கிறதா இல்லையா என்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.