கன்வேட்டர் அடைச்சிருக்கான்னு பாக்க வெக்கியூம் கேஜா, பேக் பிரஷர் கேஜா? மலையில ஓட்டுறவங்களுக்கு

ஸ்டார்ட் நல்லா எடுக்குது, ஐட்லிங்கும் பரவால்ல, ஆனா ஏத்தத்துல பிக்கப் இல்ல, பெற்றோலும் கூட இழுக்குது. இந்த மாதிரி வந்தா சைலன்சர் பக்கம் சந்தேகப்படலாம். என்னோட 1500 சிசி பெற்றோல் காருல கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏத்தம் தொடங்கினாலே எக்ஸிலேட்டர எவ்வளவு அமத்தினாலும் 3000 ஆர்பிஎம்முக்கு மேல போக மாட்டேன்னுது, பெற்றோல் பம்ப், பில்டர் எல்லாம் பாத்தாச்சு, கடைசில புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வேட்டரா, இல்ல அதுக்குப் பின்னால வர்ற சைலன்சரான்னு உறுதி பண்ண கராஜ்ல செய்யுற எல்லா வழியையும் பாத்துட்டேன். எனக்குப் பிடிச்சது பேக் பிரஷர் கேஜ்தான், அது ஏன்னு கீழ சொல்றேன்.

புகை வெளிய போக வழியில்லன்னா எரிஞ்ச கேஸ்ல கொஞ்சம் சிலிண்டருக்குள்ளயே தங்கிடும், அந்த இடத்துக்கு புதுக் காத்து வராது. அதே ஏத்தத்த ஏற நாம இன்னும் அமத்துறோம், கியர இறக்குறோம், இஞ்சினும் தன் சக்தியில ஒரு பங்க புகையத் தள்ளுறதுக்கே செலவழிக்குது. பெற்றோல் கூடுறது அதனாலதான்.

சின்ன வழிகள சீக்கிரம் சொல்லிடுறேன். ரப்பர் சுத்தியலால கன்வேட்டர தட்டிப் பாக்குறாங்க, கலகலன்னு சத்தம் வந்தா உள்ள தேன்கூடு மாதிரி இருக்குற கல்லு உடைஞ்சிருக்கு, ஆனா உருகி அடைச்சிருந்தா சத்தமே வராது. டெம்பரேச்சர் கன் வெச்சு முன்னாடி சூடு பின்னாடி சூடு பாக்குறதும் உண்டு, ஹீட் ஷீல்ட் மேல அடிச்சா எண் தப்பா வரும், அத மட்டும் நம்பி கன்வேட்டர மாத்தாதீங்க. ஸ்கேனர்ல P0420 வந்தா அடைப்புன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது கன்வேட்டர் புகைய சரியா சுத்தம் பண்ணலங்குறதுக்கு வர்ற கோட், அடைப்புக்கு இல்ல. முன் ஆக்சிஜன் சென்சரக் கழட்டி ஓட்டையத் திறந்து விட்டு ஓட்டிப் பாக்குறது கொஞ்சம் பரவால்ல, காரு சட்டுனு இழுத்தா அடைப்பு நிச்சயம், ஆனா ஓட்டை சின்னது, வித்தியாசம் தெரியலன்னா அடைப்பு இல்லன்னு சொல்ல முடியாது, பக்கத்துல வயர் இருந்தா அனல்ல கருகிடும்.

இப்ப முக்கியமான ரெண்டு. இஞ்சின் காத்த உறிஞ்சுற அளவக் காட்டுற வெக்கியூம் கேஜ இன்டேக் மெனிபோல்ட் ஹோஸ்ல மாட்டுறது லேசு, எதையும் சூட்டுல கழட்ட வேண்டாம். ஐட்லிங்ல 18ல இருந்து 20 இன்ச் காட்டணும்னு புத்தகத்துல போட்டிருக்கும், நம்ம ஊருக்கு சிக்கலே அதுலதான். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. 1000 அடி ஏறினா சுமாரா ஒரு இன்ச் குறையும். ஹட்டன் 4000 அடிக்கு மேல, அப்ப நல்ல இஞ்சினே 14ல இருந்து 16தான் காட்டும், நுவரெலியா 6000 அடிக்கு மேல, அங்க 12ல இருந்து 14. கொழும்புல படிச்ச கணக்க வெச்சு இங்க பாத்தா நல்ல காரெல்லாம் அடைச்ச காரா தெரியும். ரெவ்வ 2500ல பிடிச்சு வெச்சா முள் முதல்ல ஏறி அப்புறம் மெல்ல மெல்ல இறங்கினா அடைப்புங்குற கணக்கு மட்டும் மலையிலயும் செல்லும், ஆனா அத பாத்துப் பழகின கண்ணு வேணும், வால்வு டைமிங் பிசகினாலும் முள் குழப்பும்.

பேக் பிரஷர் கேஜ்ல இந்தப் பிரச்சினை இல்ல, வெளிக்காத்த விட பைப்புக்குள்ள எவ்வளவு கூட இருக்குன்னு மட்டும்தான் அது காட்டும், அதனால ஹட்டன்ல பாத்தாலும் அவிசாவளையில பாத்தாலும் ஒரே அளவுகோல். நான் இது பக்கம் சாயுறதுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இஞ்சின் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்குறப்ப முன் சென்சர 22 ஸ்பேனர்ல கழட்டுங்க, இறுகியிருந்தா துரு ஆயில் அடிச்சு ஊற விடுங்க, முறுக்கி மரைய அழிச்சிட்டா செலவு வேற. அந்த ஓட்டைல அனேகமா 18க்கு 1.5 மரைதான், அடாப்டர் அதுல ஏறும். சில பழைய கார்ல சென்சர் ரெண்டு நட்டுல பிடிச்சிருக்கும், அதுக்கு தகடு வெச்சு அடாப்டர் செய்யணும். கேஜ் 0ல இருந்து 10 பிஎஸ்ஐ வரைக்குமான சின்ன கேஜா இருக்கட்டும், 100 வரை காட்டுற கேஜ்ல ரெண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இஞ்சின நல்லா சூடாக்கி ஐட்லிங்ல பாருங்க, ஒன்னேகாலுக்கு மேல வரக்கூடாது. 2500ல பிடிச்சா மூணுக்குக் கீழ நிக்கணும், நல்ல காருங்க ஒன்னைக் கூடத் தாண்டாது. என் காருல ஐட்லிங்ல ஒன்னு, அத மட்டும் பாத்திருந்தா நல்லா இருக்குன்னு விட்டிருப்போம். 2500ல பிடிச்சதும் அஞ்சுக்குப் போய் அங்கயும் நிக்காம மெதுவா ஆறு வரைக்கும் ஏறுது.

ஆனா இந்த எண் அடைப்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், எங்கன்னு சொல்லாது. கன்வேட்டருக்குப் பின்னால இருக்குற பிளாஞ்ச் போல்ட்ட லூஸ் பண்ணி இடைவெளி விட்டுட்டு திரும்பவும் 2500ல பாருங்க. எண் சட்டுனு இறங்கிட்டா சைலன்சர்ல அடைப்பு, இறங்கலன்னா கன்வேட்டர். என் காருல ஆறு அஞ்சரைக்குத்தான் வந்துச்சு, அதனால கன்வேட்டர்னு முடிவு. கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா முன் முகப்பு உருகி ஓட்டையெல்லாம் மூடியிருந்துச்சு. சைலன்சர் அடைக்குறது வேற மாதிரி, குளிர்ல கிட்டக் கிட்ட மட்டும் ஓட்டுற கார்ல தண்ணி வத்தாம உள்ளேயே நின்னு துரு பிடிச்சு உள் தகடு கழண்டு விழுந்து குறுக்க நிக்கும். பைப் நுனில காலைல தண்ணி சொட்டுறது மட்டும் கோளாறு இல்ல.

ஒரு விஷயத்துல பேக் பிரஷர் கேஜும் குறைதான், நின்ன இடத்துல ரெவ் பண்றப்ப இஞ்சினுக்கு பாரம் இல்ல, பாதி அடைப்பா இருந்தா மூணுக்குக் கீழ காட்டிட்டு ஏத்தத்துல மட்டும் தெரியும். மெனிபோல்ட் கேஸ்கட் லீக் இருந்தாலும் எண் குறைச்சலா வரும். டீசல் வேன்ல எனக்கு அவ்வளவு அனுபவம் இல்ல, நான் சொல்றது பெற்றோல் காருக்குத்தான்.

இன்னொன்னு, டர்போ இல்லாத எந்த இஞ்சினும் 1000 அடிக்கு சுமாரா மூணு சதவீதம் சக்தி இழக்கும், ஹட்டன்ல பன்னிரண்டு, நுவரெலியாவுல பதினெட்டு அளவு. அது அடைப்பு இல்ல. கீழ இறங்கின பிறகும் இழுக்கலன்னாதான் கேஜ எடுக்கணும்.

கன்வேட்டர் தானா உருகாது. என் காருல ஒரு காயில் பலவீனமாகி மிஸ் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எரியாத பெற்றோல் கன்வேட்டருக்குள்ள போய் எரிஞ்சு கல்ல உருக்கிடுச்சு. அத மாத்தாம புதுசு போட்டிருந்தா அதுவும் போயிருக்கும், அதனால காயில், பிளக் எல்லாம் மாத்தின பிறகுதான் கன்வேட்டர் போட்டோம். உள்ள இருக்குறதத் தட்டி எடுத்துட்டு காலி டப்பாவா ஓட்டலாம்னு கராஜ்ல சொன்னாங்க, பெற்றோல் கார அப்படி விட்டா வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன்னாடி வர்ற புகைப் பரிசோதனையில மாட்டலாம், நான் ஒத்துக்கல. புதுசு போட்டுட்டு சென்சர மாட்டுறதுக்கு முன்னாடி கேஜ மாட்டிப் பாத்தோம், 2500ல முக்கால் காட்டுச்சு, பிறகு ஸ்கேனர்ல பழைய கோட் எல்லாம் அழிச்சுட்டுத்தான் பில்லுக்குக் காசு குடுத்தேன்.