மொத்த லாபமா, நிகர லாபமா: புது ஆபரேஷன்ஸ் மேனேஜர் எதைப் பார்ப்பது?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்து மேனேஜரான தம்பி கேட்டார்: "அண்ணா, 24 சதவீதம் மார்ஜின் என்கிறார்கள், அப்புறம் ஏன் கையில் காசு இல்லை?" ஒரு மாதக் கணக்கை எழுதிக் காட்டினேன்.

விற்பனை 50 லட்சம். பெங்களூரா மாம்பழம் 24 லட்சம். டின், பாய்லர் விறகு, லைன் கூலி 14 லட்சம்.

மொத்த லாபம்: 12 லட்சம், அதாவது 24%.

அதிலிருந்து அலுவலகச் சம்பளம், வாடகை, தேய்மானம் 6 லட்சம், கடன் வட்டி 3 லட்சம், வரி 75 ஆயிரம் போகும்.

நிகர லாபம்: 2.25 லட்சம், 4.5%.

எது சீக்கிரம் ஆடும்? 100 கிலோ பழத்தில் 50 கிலோ வந்த கூழ் 48 ஆனால், அதே கூழுக்குப் பழம் 25 லட்சம் ஆகும்.

மொத்த லாபம்: 24%-லிருந்து 22% ஆகும். சின்ன இறக்கமாகத்தான் தெரியும்.
நிகர லாபம்: வரி 50 ஆயிரமாகக் குறைந்தும் 1.5 லட்சம்தான். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது!

விற்காத டின்கள் குடோனில் தேங்கினால் கதை வேறு. வட்டி ஏறும், நிகர லாபம் இறங்கும். மொத்த லாப சதவீதம் அசையாது. அதை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பழம் வாங்குவது, கழிவு, ஷிப்ட் கூலி பற்றி முடிவெடுக்க மொத்த லாபம் போதும். கடனில் புது மெஷின், கூடுதல் குடோன் என்றால் நிகர லாபத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.